பீரோவுக்குப் பின்னால் வைஃபை

மதுரைப் பழங்காநத்தத்திலும் அதை ஒட்டிய ஜெய்ஹிந்த்புரத்துத் தெருக்களிலும் பல வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருக் கம்பத்திலிருந்து கேபிள்காரர் இழுத்து வரும் ஃபைபர் முன் ஹாலோடு நின்றுவிடும். டிவிக்குப் பின்னால் ஆணி அடித்து ரூட்டரை மாட்டிவிட்டு, "எல்லா ரூமுக்கும் எடுக்கும்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். ஹாலில் நன்றாகவே எடுக்கும். நடு அறையில் சுமார். கடைசி அறையில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாடிக்குடித்தனத்தோடு கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் வீடாக இருந்தால், மாதக் கடைசியில் "எங்களுக்கு எடுக்கவே இல்லையேக்கா" என்ற பேச்சும் வரும்.

உடனே பிளானை மாற்றுவார்கள். 50 எம்பியை 100 எம்பி ஆக்குவார்கள். கடைசி அறையில் ஒரு மாற்றமும் தெரியாது. பிளான் என்பது கம்பத்திலிருந்து ரூட்டர்வரை வரும் வேகம். ரூட்டரிலிருந்து கட்டில்வரை உள்ள வழியில் என்னென்ன நிற்கின்றன என்பது தனிக் கணக்கு. நம் வீடுகளில் அந்த வழியை மறித்து நிற்பவை பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர், கான்கிரீட். எல்லாவற்றையும் 'சிக்னலைத் தடுப்பவை' என்று ஒரே பட்டியலில் போடுவதால்தான் வைத்தியம் தவறிப்போகிறது. பீரோவும் கண்ணாடியும் அலையை வந்த திசைக்கே திருப்பிவிடுகின்றன. தண்ணீர் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டு மீதியை விழுங்குகிறது. கான்கிரீட் அலையை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. முதல் வகைக்குச் சாமானை நகர்த்தினால் போதும். இரண்டாவதற்குச் சுற்றுவழி வேண்டும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் கம்பிதான் வழி.

முதலில் அளக்க வேண்டும்

போனில் தெரியும் வளைவுக் கோடுகளை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அதை வரைகிறது. ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் சிக்னலை எண்ணாகவே காட்டும். எண் எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். ரூட்டருக்குப் பக்கத்தில் −30 இருக்கும். −50 என்றால் நல்ல நிலை. −65 வரை படம் தடங்கல் இல்லாமல் ஓடும். −75 தாண்டினால் வீடியோ அழைப்பு திக்கும். −85இல் இணைப்பு இருப்பதாகக் காட்டும், ஆனால் எதுவும் நகராது. 10 குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். 3 குறைந்தால் பாதி. ஒரு பொருள் 20 டெசிபெல் தின்கிறது என்றால் நூறில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகிறது.

விண்டோஸ் மடிக்கணினியில் செயலிகூட வேண்டாம். கட்டளைத் திரையைத் திறந்து இதை அடித்தால் போதும்:

```
netsh wlan show interfaces
```

அதில் `Signal` என்ற வரியில் சதவீதம் வரும். அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் ஏறக்குறைய டெசிபெல் எண் கிடைக்கும். 70 சதவீதம் என்றால் −65.

எண்ணைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எண் −55 என்று நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால், பீரோவையும் சுவரையும் குறை சொல்லிப் பயனில்லை. நெருக்கமான தெருவில் சுற்றிலும் உள்ள ரூட்டர்கள் ஒரே சேனலில் முட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது லைனிலேயே கோளாறு இருக்கலாம். இன்னொன்று, செயலி காட்டுவது ரூட்டர் பேசுவது போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும். போன் பேசுவது ரூட்டருக்குக் கேட்க வேண்டுமே! போனின் ஆன்டெனா சிறியது, சக்தியும் பொதுவாக ரூட்டரைவிடக் குறைவு. "கோடு ரெண்டு காட்டுது, ஆனா ஓட மாட்டேங்குது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 'ஹை பவர்' என்று எழுதி விற்கும் ரூட்டரை வாங்கியவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். ரூட்டர் உரக்கக் கத்தலாம், போனின் குரல் உயராது.

பீரோவும் கண்ணாடியும்

இரும்பு பீரோ இல்லாத படுக்கையறை மதுரையில் அபூர்வம். ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், கதவில் பெரும்பாலும் ஓர் ஆளுயரக் கண்ணாடி. வைஃபை அலைக்கு அந்தத் தகடு முழுச் சுவர். தகடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் வித்தியாசமில்லை, அதன் ஊடே எதுவும் போகாது. பீரோவுக்குப் பின்னால் கிடைப்பதெல்லாம் அதன் ஓரங்களைச் சுற்றி வளைந்து வந்ததும், எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து வந்ததும்தான்.

கண்ணாடியைப் பற்றி ஒரு சந்தேகம் வரலாம். அதில் இருக்கும் வெள்ளிப் பூச்சு ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான கனம்தான். தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு மெல்லிய பூச்சு அலையை நிறுத்துமா? நிறுத்தும். அலையைத் திருப்புவதற்குக் கனம் முக்கியமில்லை, மின்சாரம் தடையில்லாமல் ஓட இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வெள்ளி மிக நல்ல கடத்தி என்பதால் அந்தப் பூச்சின் மின்தடை ஓர் ஓமில் கால்பங்கு அளவுதான் வருகிறது. காற்றில் வரும் அலைக்கு உரிய அளவு 377 ஓம். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடியின் ஊடே நேராகப் போவது லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியும் இரும்புத் தகடும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். சாதாரண ஜன்னல் கண்ணாடி அப்படியில்லை, அது அலையைத் தாராளமாக விட்டுவிடும். வெயிலுக்காக உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி மறுபடியும் தகட்டுக் கணக்கு.

ஜன்னல் என்றதும் சொல்லிவிட வேண்டியது கொசுவலை. அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டைகள் உள்ள உலோக வலை, அலைக்கு ஏறக்குறைய முழுத் தகடாகவே தெரியும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள ஓட்டைத் தகடும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. அலுமினியத்திலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ வலை அடித்த ஜன்னல், அலைக்குச் சாத்திய ஜன்னல். நைலான் வலை என்றால் பாதிப்பில்லை. கிரில் கம்பிகளுக்கு இடையே நாலைந்து இஞ்சு இருப்பதால் அவற்றால் பெரிய தொல்லை இல்லை.

பீரோ போடும் நிழல் எவ்வளவு தூரம் போகிறது என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அது ஐந்தரை, ஆறு சென்டிமீட்டர்தான். நீளமான அலை ஓரத்தில் சீக்கிரம் வளையும். மூன்று அடி அகல பீரோவுக்குப் பின்னால் 2.4க்கு அடர்ந்த நிழல் சுமார் ஐந்து அடி வரைதான். அதற்கப்பால் இரண்டு ஓரத்திலிருந்தும் அலை வந்து நிரப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு அதே நிழல் பன்னிரண்டு அடி போகும். நம் படுக்கையறையின் நீளமே அவ்வளவுதான். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரை ஒட்டி பீரோ நின்றால், அந்த அறையில் 2.4 ஓடி 5 செத்துக்கிடப்பது இதனால்தான்.

இதற்கு வைத்தியம் மலிவானது. பீரோவை அந்தச் சுவரிலிருந்து எடுத்துப் பக்கச் சுவருக்கு மாற்றினால், அகலப் பக்கம் ரூட்டரைப் பார்க்காமல் போகும். முழுதாக மாற்ற இடமில்லை என்றால் வாசல்படிப் பக்கம் இரண்டு அடி விட்டு நகர்த்தினாலே அலை உள்ளே வர ஒரு சந்து கிடைக்கும். பீரோவை நகர்த்துவது என்றால் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், வாஸ்து என்பார்கள். அப்படியானால் ரூட்டரை நகர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடுதான் மாற வேண்டும், எந்த முனை நகர்ந்தாலும் சரி.

ரூட்டரை பீரோவின் மேலே வைப்பது பலர் செய்யும் காரியம். உயரமான இடம் என்பது சரிதான். ஆனால் ஆன்டெனாவுக்கு அடியில் மூன்று அடித் தகடு விரித்தால் அலை மேல்நோக்கித் தூக்கப்பட்டு, பீரோவுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் வராது. டிவிக்குப் பின்னால் மாட்டுவதும் இதே குற்றம், டிவியின் முதுகிலும் உலோகத் தகடு இருக்கிறது. எந்த உலோகத்திலிருந்தும் குறைந்தது ஓர் அடி தள்ளி, சுவரில் ஆறேழு அடி உயரத்தில், ஆன்டெனா நேராக நிற்கும்படி மாட்டினால் போதும். ஃபிரிட்ஜும் பீரோ கணக்குத்தான், சில நேரம் அதைவிட மோசம், ஏனென்றால் உள்ளே தண்ணீரும் இருக்கிறது.

தண்ணீர்

வைஃபையைத் தண்ணீர் உறிஞ்சுவதற்கு ஒரு தவறான காரணம் ஊரெங்கும் சொல்லப்படுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது தண்ணீர் மூலக்கூறின் சொந்த அதிர்வெண், மைக்ரோவேவ் அடுப்பு அதனால்தான் அந்த எண்ணில் ஓடுகிறது என்பார்கள். உண்மையில் தண்ணீர் அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். 2.4 அந்த மலையின் அடிவாரம்தான். எண் ஏற ஏற உறிஞ்சலும் ஏறுகிறது. 2.4இல் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் இரண்டு டெசிபெல்லுக்குச் சற்று மேல் தின்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் அதே ஒரு சென்டிமீட்டர் பத்து டெசிபெல் தின்கிறது. இது போக, காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும் இடத்திலேயே சக்தியில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் தெறித்துப் போய்விடும், நாலு பங்குகூட உள்ளே போகாது.

இப்போது மாநகராட்சித் தண்ணீர் வராத நாளுக்கென்று நிரப்பி வைத்திருக்கும் நீல ட்ரம்மைப் பாருங்கள். இருநூறு லிட்டர், விட்டம் ஏறக்குறைய இரண்டு அடி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதன் நடுவே போக முயன்றால் நூறு டெசிபெல்லுக்கு மேல் இழக்கும். அதாவது எதுவுமே போகாது. மொட்டைமாடியில் இருக்கும் ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் டேங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிலர் கறுப்பு டேங்க் தடுக்கும், வெள்ளை டேங்க் விடும் என்பார்கள். டேங்க் பிளாஸ்டிக்தான், காலியாக இருந்தால் அலை அதைப் பெரிதாக மதிப்பதில்லை. தடுப்பது உள்ளே இருக்கும் தண்ணீர்.

அதனால்தான் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எளிது. பீரோவும் சுவரும் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீர் ஏறி இறங்கும். "காலையில மோட்டார் போடுறவரைக்கும் நல்லா எடுக்குது, அப்புறம் போயிருது" என்று யாராவது சொன்னால் சந்தேகமே வேண்டாம். மோட்டார் போடுவதற்கு முன் ஒரு தடவையும், டேங்க் நிரம்பி வழிந்த பின் ஒரு தடவையும், அதே இடத்தில் போனை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி டேங்க்தான்.

இந்தச் சோதனையைச் செய்யும்போது போனைக் கையில் பிடிக்காமல் ஒரு ஸ்டூலில் வைப்பது நல்லது. மனித உடம்பும் பெருமளவு தண்ணீர்தான், திரும்பி நின்றாலே எண் மாறும். விமானத்துக்குள் வைஃபை பரவுவதை அளக்க 2012இல் போயிங் நிறுவனம் இருக்கைகளில் பயணிகளுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மூட்டைகளை உட்கார வைத்தது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார ஆட்கள் கிடைக்க மாட்டார்கள், அலையைப் பொறுத்தவரை கிழங்கில் உள்ள தண்ணீர் மனித உடம்பைப் போலவே நடந்துகொள்ளும் என்பதுதான் காரணம்.

வீட்டுக்குள் ட்ரம் விஷயம் சுலபம், நடையில் வைத்திருப்பதைக் குளியலறைப் பக்கம் தள்ளினால் தீர்ந்தது. மொட்டைமாடியில்தான் சிக்கல். ஜியோ 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் ஏர்ஃபைபரைத் தொடங்கியது, பிறகு மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. இப்போது மாடிகளில் டவரைப் பார்த்தபடி வெள்ளைப் பெட்டி ஒன்று நிற்கிறது. அதை மாட்ட வருகிறவருக்குக் கையில் கிடைக்கும் முதல் இரும்புக் குழாய் டேங்க் ஸ்டாண்டின் கால். அங்கேயே கட்டிவிட்டுப் போய்விடுவார். டவர் டேங்கின் அந்தப் பக்கம் இருந்தால் கதை முடிந்தது.

எவ்வளவு தள்ளி வைத்தால் போதும்? டேங்கின் ஓரத்தை வெறுமே தாண்டினால் போதாது. பார்வைக்கு டவர் தெரிந்தாலும், அலைக்கு அந்தக் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வேண்டும். பெட்டிக்கும் டேங்குக்கும் நடுவே ஆறேழு அடி இருக்கிறது, 5ஜி அலை மூன்றரை கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், டேங்கின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி விலகி அந்தக் கோடு போக வேண்டும். பக்கவாட்டில் தள்ள முடியாவிட்டால் குழாயை நீட்டி டேங்க் மூடிக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்தலாம். இதே விதி மாடியில் மாட்டும் வைஃபை கேமராவுக்கும், கம்பியில்லாத தண்ணீர் மட்டக் கருவிக்கும் பொருந்தும். மட்டக் கருவியில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அனுப்பும் பெட்டியை டேங்கின் வயிற்றோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டுகிறார்கள். தண்ணீர் ஏறும்வரை வேலை செய்யும், டேங்க் நிரம்பி மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயடைத்துப் போகும். சென்சார் தண்ணீருக்குள் இருக்கட்டும், ஆன்டெனா மூடிக்கு மேலே இருக்க வேண்டும்.

கான்கிரீட்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கட்டுமானப் பொருட்களுக்கென்று பி.2040 என்ற பரிந்துரையை வைத்திருக்கிறது. அதில் உள்ள மதிப்புகளை வைத்து நம் ஊர்க் கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பலர் நினைப்பதற்கு மாறான ஒரு விஷயம் வெளிப்படுகிறது. காய்ந்த செங்கல்லில் ஒன்பது இஞ்சு சுவர் 2.4இல் சுமார் 5 டெசிபெல் தின்கிறது, 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6. பெரிய வித்தியாசம் இல்லை. கான்கிரீட்டில் கதை வேறு. ஆறு இஞ்சு கான்கிரீட் 2.4இல் 10 டெசிபெல் தின்றால், 5 கிகாஹெர்ட்ஸில் 19 தின்கிறது. இரு பரப்பிலும் தெறித்துப் போவது தனி.

'5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டாது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அதனால் பாதி உண்மைதான். ஒரே தளத்தில், செங்கல் சுவர்களுக்கு இடையே, அது ஓரளவு சமாளிக்கும். தளத்தைத் தாண்டி மாடிக்கு ஏறத்தான் அதனால் முடியாது. நம் வீடுகளில் சுவர் செங்கல், தளம் கான்கிரீட். ஆகவே படுக்கை வாட்டத்தில் 5, மேலே கீழே 2.4 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. சுவரே கான்கிரீட்டாக வார்க்கும் அடுக்குமாடிகளில் இந்த விதி செல்லாது. அங்கே அறைக்கு அறை தளம் மாதிரிதான்.

தளத்துக்குள் இருக்கும் கம்பிதான் காரணம் என்றும் சொல்வார்கள். தளத்தில் கம்பி ஆறு இஞ்சுக்கு ஒன்று போகிறது, அதாவது பதினைந்து சென்டிமீட்டர். வைஃபை அலைநீளம் அதைவிடச் சிறியது, ஆகவே கம்பிச் சதுரத்தின் நடுவே அது நுழைந்துவிடும். கம்பியால் அதிகம் பாதிக்கப்படுவது முப்பது சென்டிமீட்டருக்கு மேல் அலைநீளம் கொண்ட 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலை. வைஃபையைத் தின்பது கம்பியைவிடக் கான்கிரீட்தான், அதிலும் அதற்குள் தங்கியிருக்கும் ஈரம். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் செங்கல், கான்கிரீட், கம்பி வலை எல்லாவற்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் அளந்து 1997இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கம்பியையும் கான்கிரீட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த அறிக்கை நல்ல சாட்சி. புதிதாகக் கட்டிக் குடிபோன வீட்டில் சிக்னல் மோசமாக இருந்து, ஓராண்டு போன பின் சற்றுத் தேறுவதும், ஐப்பசி கார்த்திகை மழையில் தளம் ஊறியபின் மறுபடி குறைவதும் ஈரத்தின் வேலை.

ஒரு வீட்டுக் கணக்கு

இருபதுக்கு ஐம்பது அடியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன் ஹாலில் ரூட்டர். பத்து மீட்டர் தள்ளி பின் படுக்கையறை. நடுவில் ஒரு ஒன்பது இஞ்சு சுவர், ஒரு நாலரை இஞ்சு சுவர். படுக்கையறையின் முன்சுவரை ஒட்டி பீரோ. மாடியில் குடித்தனம், மாடிப்படி வீட்டுக்கு வெளியே.

ரூட்டர் 20 என்ற அளவில் அனுப்புகிறது. பத்து மீட்டர் வெறும் காற்றிலேயே 2.4 அலை 60 டெசிபெல் இழக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் 67. ஆக −40, −47 என்று தொடங்குகிறோம். பூச்சோடு சேர்த்து இரண்டு சுவருக்கும் 2.4இல் 11, 5இல் 13 போகும். இப்போது −51, −60. பீரோ இல்லாவிட்டால் இரண்டுமே நன்றாக ஓட வேண்டிய அளவு. பீரோ நிழலில் 2.4 மேலும் 12 இழக்கும் என்றும், 5 கிகாஹெர்ட்ஸ் 20 இழக்கும் என்றும் வைப்போம். −63, −80. கட்டிலில் படுத்துக்கொண்டு போனைக் கையால் மூடிப் பிடித்தால் இன்னும் 5 போகும். 2.4 −68இல் படம் காட்டிக்கொண்டிருக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் −85இல் இணைப்பு மட்டும் காட்டும். போன் பழைய பழக்கத்தில் 5ஐயே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் அறையில் ஒன்றும் ஓடாது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் பகுதியை மத்திய அரசு 2018இல் விரிவாகத் திறந்துவிட்டது. இப்போது வீட்டுக்கு வரும் ரூட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு வரிசையையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, பின்னறைப் போன்களை 2.4இல் மட்டும் சேர்ப்பது காசு செலவில்லாத முதல் வைத்தியம். பீரோவைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் 5ம் −65க்கு வந்துவிடும். இரண்டு வேலையும் அரை மணி நேரத்தில் முடியும், பிளானை மாற்ற வேண்டியதே இல்லை.

மாடிக்கு இந்தச் சுலபம் இல்லை. மாடிப்படி வீட்டுக்குள் இருந்தால் அதன் திறந்த வாய் வழியாக அலை ஏறும், ரூட்டரைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனாலே மேலே நல்ல மாற்றம் தெரியும். படி வெளியே இருந்தால் அலை தளத்தைத்தான் தாண்ட வேண்டும், அல்லது கீழ் ஜன்னலில் வெளியேறி மேல் ஜன்னலில் நுழைய வேண்டும். தளம் மட்டும் 2.4இல் 12, 5இல் 20 வரை தின்றுவிடும், அதற்கு மேல் சுவர் இருந்தால் அதுவும் சேரும்.

இங்கே பலர் ரிப்பீட்டர் வாங்கி, எடுக்காத அறையில் மாட்டுகிறார்கள். எடுக்காத இடத்தில் ரிப்பீட்டருக்கும் எடுக்காது. சிக்னல் இன்னும் −60, −65 இருக்கும் இடத்தில்தான் அதை மாட்ட வேண்டும், அப்படி மாட்டினாலும் ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆன்டெனாவை மட்டும் நீளமான வயர் போட்டு மேலே கொண்டுபோகலாமா என்றும் கேட்பார்கள். சாதாரண மெல்லிய கோஆக்சியல் வயர் 2.4இல் மீட்டருக்கு ஒரு டெசிபெல் தின்னும், பத்து மீட்டர் போட்டால் ஒரு தளத்தின் அளவு வயரிலேயே போய்விடும். மின்வயர் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் கருவியும் மூன்று ஃபேஸ் வீடுகளில் ஏமாற்றும். ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் பாதி நேரம் ஒட்டாது, இன்வெர்ட்டர் லைன் குறுக்கிட்டால் இன்னும் குழப்பம்.

மிஞ்சுவது நெட்வொர்க் கேபிள். ரூட்டரின் லேன் ஓட்டையிலிருந்து ஒரு கேட்6 கேபிளை, ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை வழியாகவோ பழைய டிஷ் வயர் ஓட்டை வழியாகவோ வெளியே எடுத்து, வெளிச்சுவரில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோங்கள். நூறு மீட்டர்வரை அதற்கு இழப்பு என்ற கவலை இல்லை. வெளியே போகும் பகுதிக்குக் கறுப்பு உறை போட்ட, வெயில் தாங்கும் கேபிள் வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளை மதுரை வெயிலில் விட்டால் சில கோடைகளில் உறை வெடித்துவிடும். கடையில் வாங்கும்போது ஒரு நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், வளைத்தால் முறியும், கருவிக்கு மின்சாரமும் அதே கேபிளில் அனுப்பினால் சூடாகும். சுரண்டினாலும் சிவப்பாகவே இருப்பதுதான் செம்பு.

மேல் முனையில் பழைய ரூட்டர் ஒன்றே போதும். அதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத ரூட்டரில், முகவரி கொடுக்கும் வேலையை அணைத்துவிட்டு, கேபிளை இணைய ஓட்டையில் செருகாமல் சாதாரண லேன் ஓட்டையில் செருக வேண்டும். இதை விட்டுவிட்டால் வீட்டில் இரண்டு ரூட்டரும் முகவரி கொடுக்கப் போட்டி போட்டு, சில நேரம் ஓடும் சில நேரம் ஓடாது. கீழேயும் மேலேயும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4இல் கீழ் ரூட்டர் சேனல் 1, மேல் ரூட்டர் 11 என்று பிரித்துவிட்டால் ஒன்றோடொன்று முட்டாது.

கடைசியாக, செல்போன் அழைப்பு. பின்னறையில் டவர் எடுக்கவில்லை என்று பூஸ்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு, ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது. உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம், பக்கத்துத் தெரு டவரின் இணைப்பையே அது கெடுக்கும், தொலைத்தொடர்புத் துறை தேடி வந்து பறிமுதல் செய்த சம்பவங்களும் உண்டு. அதற்கு மாற்றாக 2019 டிசம்பரில் ஏர்டெலும் 2020 ஜனவரியில் ஜியோவும் கொண்டுவந்த வைஃபை அழைப்பு இருக்கிறது. போன் அமைப்பில் `Wi-Fi calling` என்ற இடத்தை இயக்கினால் அழைப்பு டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாகப் போகும், தனிக் கட்டணம் இல்லை. பேசிக்கொண்டே தெருவுக்கு வரும்போது போன் வைஃபையிலிருந்து டவருக்கு மாறும். பீரோ நிழலைச் சரிசெய்து பின்னறைக்கு அலையைக் கொண்டுவந்த வீட்டில்கூட, வாசல் படிக்கு அப்பால் வைஃபை −80க்கு இறங்கியும் போன் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் அழைப்பு அறுந்துபோகும். அதனால் முக்கியமான அழைப்பு என்றால் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே வைஃபையை அணைத்துவிடுவது நல்லது.